மது நீங்கினால் மட்டும் போதுமா? காபிப் புட்டிங்கும் பச்சை முட்டையும்



சென்ற பெருநாளுக்கு நம் மஹல்லாவில் ஒரு வீட்டில் நடந்ததை அந்த வீட்டாரின் சம்மதத்தோடு இங்கே சொல்கிறோம். கல்லூரியில் படிக்கும் மகள், வீடியோ பார்த்து டிராமிசு என்ற இத்தாலிய இனிப்பைச் செய்தாள். செய்முறையில் சொல்லியிருந்த ரம்மை விட்டுவிட்டாள். வெனிலா எசன்ஸ் பாட்டிலைக்கூடத் திருப்பி, பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்திருக்கிறாள். வீடே பாராட்டிச் சாப்பிட்டது. மறுநாள் இரவு நன்னிக்குக் காய்ச்சல், வயிற்றுப் பிடிப்பு, பேதி. விடிவதற்குள் நான்கு வயதுப் பேரனுக்கும் அதேதான். இருவருக்கும் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று.

டாக்டர் முதலில் கேட்டது, "பச்சை முட்டை போட்ட பண்டம் ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்பதுதான். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே, "ஹராமானது எதையும் நான் சேர்க்கவே இல்லையே" என்றாள். உண்மைதான். ஒரு பக்கத்தைக் கவனமாகப் பார்த்தாள். மறு பக்கத்தை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அல்ஹம்துலில்லாஹ், இருவரும் தேறிவிட்டார்கள். இந்த மாதப் பாடத்தை அந்த மறு பக்கத்துக்காகவே எழுதுகிறோம்.

மது இதில் எங்கே இருக்கிறது?

டிராமிசு என்பது காபியில் நனைத்த பிஸ்கட் ஓர் அடுக்கு, முட்டைக்கருவும் சீஸும் கலந்த கிரீம் ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றி அடுக்கி, மேலே கோகோ தூவிக் குளிரவைக்கும் இனிப்பு. இத்தாலியின் திரேவிசோ நகரில் லே பெக்கெரியே என்ற உணவகம் 1970-களில் இதைப் பரிமாறிப் பெயர் பெற்றது. அந்த உணவகத்தின் பழைய செய்முறையில் மது கிடையாது. ரம், மர்சாலா என்ற திராட்சை மது, காபி மதுபானம் முதலியவை பிறகு மற்றவர்கள் சேர்த்தவை. ஆகவே மதுவை விட்டால் பண்டத்தின் அசல் கெட்டுவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

"அடுப்பில் வைத்தால் மது ஆவியாகிவிடுமே" என்று சிலர் சொல்வார்கள். இந்தப் பண்டத்தை நனைத்த பிறகு அடுப்பிலேயே வைப்பதில்லை. ஊற்றியது அப்படியே தட்டுக்கு வருகிறது. ரம் எசன்ஸ், வெனிலா எக்ஸ்ட்ராக்ட் ஆகியவற்றில் சாராயத்தில் கரைத்தவையும் உண்டு. கீழே தரும் செய்முறைக்கு எசன்ஸே தேவையில்லை. கிரீம் சீஸ் வாங்குவோர் ஜெலட்டின் இருக்கிறதா என்று லேபிளைப் பார்த்து வாங்கவும்.

முட்டையில் என்ன ஆபத்து?

பெரும்பாலான செய்முறைகளில் மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு அடித்து, வேகவைக்காமலே சேர்க்கிறார்கள். சிலர் வெள்ளைக் கருவையும் நுரைக்க அடித்துப் பச்சையாகவே கலக்கிறார்கள். சால்மொனெல்லா என்ற கிருமி முட்டை ஓட்டின் மேல் மட்டும் இருப்பதல்ல. நோய்பட்ட கோழியின் வயிற்றில் ஓடு உருவாகும் முன்பே அது முட்டைக்குள் புகுந்துவிடலாம். அதனால் ஓட்டைக் கழுவினாலும், இன்று காலையில் இட்ட நாட்டுக்கோழி முட்டையாக இருந்தாலும் உள்ளே இருப்பது போகாது. வாடையிலும் நிறத்திலும் எதுவும் தெரியாது.

சர்க்கரை போட்டு அரை மணி நேரம் அடித்தாலும் கிருமி சாகாது. பிரிட்ஜில் வைத்தால் அது பெருகுவது மட்டுப்படும், சாகாது. காபி சூடாக இருந்தாலும் அது பிஸ்கட்டோடு போகிறது, முட்டையை வேகவைப்பதில்லை. "ரம் ஊற்றினால் கிருமி செத்துவிடும், நீங்கள் அதை விட்டதால்தான் நோய் வந்தது" என்று அந்த வீட்டில் ஓர் உறவினர் சொன்னாராம். இது தவறு. இரண்டு கரண்டி மது முட்டையில் உள்ள கிருமியைக் கொல்லப் போதாது. மது சேர்த்துச் செய்தவர்களும் இதே நோயில் விழுந்திருப்பார்கள்.

சாப்பிட்ட ஆறு மணி நேரம் முதல் ஆறு நாட்களுக்குள் காய்ச்சல், வயிற்றுவலி, பேதி தொடங்கலாம். திடமானவர்கள் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தேறிவிடுவார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கே இது கடுமையாகும். பேதியில் இரத்தம் கண்டாலோ, பிள்ளை சிறுநீர் கழிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

லண்டனில் இருக்கும் சொந்தக்காரர்கள் "நாங்கள் பச்சையாகத்தான் போடுகிறோம்" என்று சொல்லக்கூடும். பிரிட்டனில் சிங்க முத்திரை இட்ட முட்டைகளைப் பச்சையாக உண்ணலாம் என்று அங்குள்ள உணவுத் துறை 2017-இல் அறிவித்தது. அங்கே அந்த முத்திரைக்குரிய கோழிகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். நம் தெருக்கடை முட்டைக்கு அந்த முத்திரை இல்லை. அவர்கள் செய்முறையை இங்கே அப்படியே எடுக்க முடியாது.

கொதி என்ற அடையாளம்

முட்டைக் கலவை 71 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டினால் இந்தக் கிருமி அழியும். சமையல் தெர்மாமீட்டர் வைத்திருப்போர், கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த கிண்ணத்தில் மஞ்சள் கரு, சர்க்கரை, இரண்டு கரண்டி பால் சேர்த்துக் கைவிடாமல் கிண்டி, அந்த அளவைப் பார்த்து இறக்கலாம். நம்மில் பலர் வீட்டில் அந்தக் கருவி கிடையாது. அவர்களுக்கு நாம் சொல்லும் வழி, சோளமாவு சேர்த்த கஸ்டர்டாகக் காய்ச்சிக் கொதிக்க விடுவது. கொதி கண்ணுக்குத் தெரியும், கருவி தேவையில்லை. சோளமாவு இருப்பதால் கொதித்தாலும் முட்டை எளிதில் திரிந்து போகாது.

செய்முறை (சுமார் ஒன்பது பேருக்கு)

பால் 300 மில்லி, மஞ்சள் கரு 3, சர்க்கரை 75 கிராம், சோளமாவு 25 கிராம் (தலை தட்டிய மூன்று மேசைக்கரண்டி), மஸ்கார்போனே சீஸ் 250 கிராம், விப்பிங் கிரீம் 150 மில்லி, லேடி ஃபிங்கர் பிஸ்கட் சுமார் 24, காபி 300 மில்லி, இனிப்பில்லாத கோகோ தூள் இரண்டு கரண்டி. மஸ்கார்போனே கிடைக்காத ஊரில் 200 கிராம் கிரீம் சீஸோடு 50 மில்லி பிரெஷ் கிரீம் கலந்துகொள்ளலாம்.

முதலில் கையை சோப்புப் போட்டுக் கழுவவும். முட்டையை ஒவ்வொன்றாகச் சிறு கிண்ணத்தில் உடைத்து, மஞ்சள் கருவைச் சுத்தமான கரண்டியால் எடுக்கவும். ஓட்டிலேயே மாற்றி மாற்றி ஊற்றிப் பிரித்தால் ஓட்டின் அழுக்கு கருவில் சேரும். மீந்த வெள்ளைக் கருவை ஆம்லெட்டாக நன்றாக வேகவைத்துக்கொள்ளலாம். முட்டை பட்ட கரண்டியையும் கிண்ணத்தையும் உடனே கழுவிவிடவும்.

மஞ்சள் கரு, சர்க்கரை, சோளமாவு மூன்றையும் கொஞ்சம் ஆறிய பாலில் கட்டியில்லாமல் கலக்கவும். மீதிப் பாலை ஆவி பறக்கக் காய்ச்சி, கருக் கலவையில் சிறிது சிறிதாக ஊற்றிக் கிண்டவும். எல்லாவற்றையும் மறுபடி அடுப்பில் வைத்து, மிதமான தீயில் அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்கவும். முதலில் கெட்டிப்படும். பலர் இங்கேயே இறக்கிவிடுகிறார்கள், தவறு நடப்பது இந்த இடத்தில்தான். கெட்டியான பிறகு, நடுவிலிருந்து பெரிய குமிழிகள் எழுந்து உடைய வேண்டும். அந்தக் குமிழி வந்த பிறகும் ஒரு முழு நிமிடம் கிண்டி இறக்கவும். சீக்கிரம் இறக்கினால் கிருமி அச்சம் ஒரு பக்கம் இருக்க, மஞ்சள் கருவில் உள்ள ஒரு நொதி சாகாமல் இருந்து மாவைக் கரைத்துவிடும். மறுநாள் புட்டிங் நீராக ஓடும். ஓடிய புட்டிங்கைக் கண்டால் முட்டையும் சரியாக வேகவில்லை என்று சந்தேகிக்க வேண்டும்.

கஸ்டர்டை அகலத் தட்டில் பரப்பி, ஏடு படியாமல் மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, ஐஸ் தண்ணீரின் மேல் வைத்து ஆற்றவும். முழுதும் ஆறிய பிறகே சீஸோடு சேர்க்க வேண்டும். சூடாகச் சேர்த்தால் சீஸ் உருகித் தளர்ந்துவிடும். சீஸை மெஷினில் அதிகம் அடித்தால் திரிதிரியாகும், கரண்டியால் மடித்துக் கலந்தால் போதும். விப்பிங் கிரீமைத் தனியாக அடித்துக் கடைசியில் சேர்க்கவும். கடையில் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள சாதாரண பிரெஷ் கிரீம் அடித்தாலும் நிற்காது. 35 சதவீதம் அளவுள்ள விப்பிங் கிரீம் என்று கேட்டு வாங்கவும்.

காபிக்கு நம் பில்டர் டிகாஷன் பாதி, வெந்நீர் பாதி கலந்தாலே சரியாக இருக்கும். நன்றாக ஆறவிடவும். பிஸ்கட்டை ஒரு பக்கம் ஒரு விநாடி, மறுபக்கம் ஒரு விநாடி முக்கி உடனே எடுக்கவும். முதல் பிஸ்கட்டை உடைத்துப் பார்க்கவும். நடுவில் மெல்லிய உலர்ந்த கோடு தெரிந்தால் அளவு சரி. ஊறிக் குழைந்திருந்தால் நாளைக்குத் தட்டின் அடியில் காபி தேங்கி நிற்கும். எட்டு அங்குலச் சதுரப் பாத்திரத்தில் பிஸ்கட், கிரீம், பிஸ்கட், கிரீம் என்று அடுக்கி, மூடிக் குறைந்தது ஆறு மணி நேரம் பிரிட்ஜில் வைக்கவும். கோகோவைப் பரிமாறும்போது தூவவும். சிறு பிள்ளைகளுக்குத் தனிக் கிண்ணத்தில் காபிக்குப் பதில் கோகோ கலந்த பால் வைத்துச் செய்யலாம்.

பந்தியில் வைக்கும்போது

முட்டை வெந்துவிட்டது என்பதற்காக வெளியே வைத்துவிடக் கூடாது. பாலும் சீஸும் உள்ள பண்டம் பிரிட்ஜுக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரம்தான். நம் ஊரில் பெரும்பாலான மாதங்கள் அப்படித்தான். எனவே சாப்பாடு முடிந்த பிறகு வெளியே எடுங்கள், வந்தவர்களுக்குக் கொடுத்ததும் மீதியை உள்ளே வையுங்கள். மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். பிரிட்ஜ் நாலு மணி நேரத்துக்கு மேல் மின்சாரமின்றி நின்றுவிட்டால் அதைக் கொட்டிவிடுவதே நல்லது. வீண்விரயம் என்று மனம் கூசும், ஆனால் ஒரு பிள்ளையின் உடல்நலம் அதைவிடப் பெரிது.

அந்த வீட்டுப் பிள்ளை சென்ற மாதம் மறுபடியும் இதைச் செய்தாள். குமிழி வந்த பிறகு ஒரு நிமிடம், கடிகாரம் பார்த்து நின்றாளாம். பாத்திரத்தின் அருகில் ஒரு சீட்டும் எழுதி வைத்தாள்: "மது இல்லை. முட்டை கொதிக்கவைத்தது. பால், கோதுமை, முட்டை உண்டு." நன்னி இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். விருந்துக்கு இனிப்பு செய்து கொடுக்கும் எல்லோரும் அப்படி ஒரு சீட்டை எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.