அழைத்தவர் யார்?

நுழையும்முன்

தமிழ்நாட்டில் எடுத்த ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை, பிழைப்பிற்காக வேற்று மாநிலம் சென்ற பின்னும் தொடரும் குடும்பங்கள் பல. நாளடைவில் முகவரோடு தொடர்பு அறுந்துவிடுகிறது. பத்திரம் மட்டும் பெட்டியில் இருக்கிறது. அந்த இடைவெளியில் நுழையும் பொய் அழைப்பைப் பற்றியது இப்பாடம். இதில் வரும் குடும்பம் கற்பனை; அழைப்பின் முறை உண்மையில் நிகழ்வது.

பாடம்

பெங்களூரு அல்சூரில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. சேலத்தில் பணியாற்றிய காலத்தில் தாத்தா 2,00,000 ரூபாய்க்கு எல்.ஐ.சி. பாலிசி ஒன்றை எடுத்திருந்தார். இருபது ஆண்டுப் பாலிசி அது. பதினெட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. ஒரு நாள் பிற்பகல் அவருடைய கைப்பேசி ஒலித்தது. மறுமுனையில் இனிய தமிழ்க் குரல்.

"வணக்கம் ஐயா. ஹைதராபாத் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அலுவலகத்திலிருந்து பேசுகிறேன். தங்கள் முகவர் பணியை விட்டுச் சென்றுவிட்டார். ஆனால், அவருடைய கோடு தங்கள் பாலிசியில் இன்னும் நீக்கப்படவில்லை. அதனால் போனஸும் அவருடைய கமிஷனுமாக 1,86,400 ரூபாய் தேங்கி நிற்கிறது. இன்று மாலை நான்கு மணிக்குள் 9,320 ரூபாய் வரி செலுத்தினால், முழுத் தொகையும் தங்கள் கணக்கில் சேரும்."

பாலிசி எண், பிறந்த தேதி, தவணைத் தொகை ஆகிய மூன்றையும் அவர் பிழையின்றிச் சொன்னார். தாத்தா மகிழ்ந்து, பணம் அனுப்ப யு.பி.ஐ. செயலியைத் திறந்தார். அருகில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பேத்தி நிமிர்ந்தாள்.

"தாத்தா, அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். நாமே அலுவலகத்தில் கேட்டுக்கொள்வோம்."

"என் பாலிசி எண்ணைக்கூடச் சரியாகச் சொல்கிறாரே, கண்ணு!"

"துண்டித்தால் கோப்பு முடிக்கப்பட்டுவிடும்" என்று மறுமுனை எச்சரித்தது. தாத்தா ஒரு கணம் தயங்கினார். பின்னர் அழைப்பைத் துண்டித்தார்.

தாத்தாவை நம்பச் செய்தவை அந்த மூன்று விவரங்கள். ஆனால், ஒருவரைப் பற்றிய விவரம் அறிந்தவரெல்லாம் அலுவலர் ஆகிவிடுவதில்லை. தவணை ரசீதின் நகல் பல கைகளுக்குச் செல்கிறது. வாடிக்கையாளர் பட்டியல்கள் களவாடப்பட்டு விற்கப்படுவதும் உண்டு. கைப்பேசித் திரையில் தோன்றும் பெயரும் சான்றாகாது. சில செயலிகளில் எவரும் தமக்கு விரும்பிய பெயரைச் சூட்டிக்கொள்ள இயலும்.

அடுத்து, சொல்லப்பட்ட செய்தியையே ஆராய வேண்டும். இவ்வகைப் பாலிசியில் போனஸ், காப்பீட்டுத் தொகையின் ஒவ்வோர் ஆயிரம் ரூபாய்க்கும் இவ்வளவு என ஆண்டுதோறும் அறிவிக்கப்படுகிறது. அது ஆயிரத்துக்கு 40 ரூபாய் என்று கொண்டால், 2,00,000 ரூபாய்ப் பாலிசிக்கு ஓராண்டில் 8,000 ரூபாய் சேரும். அத்தொகை உடனே கைக்கு வராது. பாலிசியோடு சேர்ந்து வளர்ந்து, முதிர்வின்போது தாத்தாவுக்கோ, இடையில் இறப்பு நேர்ந்தால் நியமனதாரருக்கோ வழங்கப்படும். ஆகவே, பணம் கட்டி விடுவிக்க வேண்டிய "தேங்கிய போனஸ்" என ஒன்று இல்லை. முகவரின் கோடு அதைத் தடுத்து நிறுத்துவதும் இல்லை.

வரி என்னும் சொல்லிலும் ஒரு பொறி உள்ளது. காப்பீட்டு நிறுவனம் வழங்கும் தொகையில் வரி பிடிக்க வேண்டுமாயின், அதைக் கழித்துக்கொண்டு மீதியை வங்கிக் கணக்கில் செலுத்தும். தருவதற்கு முன் வாங்குவது மோசடியின் அடையாளம். அதேபோல், பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண் தேவையில்லை. பின் எண்ணை இட்டால் பணம் போகுமே தவிர, வராது.

ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்பது காப்பீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு. அது பாலிசி விற்பதில்லை, போனஸ் அறிவிப்பதுமில்லை. அதன் பெயரால் அத்தகைய அழைப்பு வந்தால் காவல்துறையிடம் புகார் அளிக்குமாறு காப்பீட்டு விளம்பரங்களிலேயே அச்சிடப்படுகிறது.

இனி, சரிபார்க்கும் முறை. அழைத்தவர் தரும் எண்ணில் அழைத்தவரைச் சரிபார்க்க இயலாது. அங்கே அவருடைய கூட்டாளியே பேசுவார். இணையத்தில் "வாடிக்கையாளர் சேவை எண்" என்று தேடுவதும் ஆபத்து. போலி எண்கள் அங்கும் இடப்பட்டுள்ளன. எனவே, பேத்தி பெட்டியிலிருந்து பாலிசிப் பத்திரத்தை எடுத்தாள். அதில் சேலம் கிளையின் பெயர் இருந்தது. நிறுவனத்தின் licindia.in என்னும் முகவரியைத் தானே தட்டெழுதி, அங்கிருந்து அக்கிளையின் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டாள். தாத்தா அவ்வெண்ணை அழைத்தார். கிளை அலுவலர் பதிவேட்டைப் பார்த்து, "பாலிசி நடப்பில் உள்ளது; போனஸ் முதிர்வின்போதுதான் வழங்கப்படும்; தாங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை" என்றார்.

வங்கி, காப்பீடு போன்ற நிதி நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கென 1600 என்று தொடங்கும் எண்வரிசை ஒதுக்கப்பட்டுள்ளது. சாதாரணப் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து "அலுவலகம்" பேசினால் ஐயுற வேண்டும். எனினும், எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் ஓ.டி.பி.யையும் பின் எண்ணையும் சொல்லலாகாது.

ஒருவேளை தாத்தா பணத்தை அனுப்பியிருந்தால்? உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும், cybercrime.gov.in என்னும் தளத்திலும் புகார் பதியலாம். அனுப்பிய தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்திருத்தல் வேண்டும். மோசடிப் பணம் விரைவாக ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். அது ஏதேனும் ஒரு கணக்கில் இருக்கும்போதே தகவல் கிடைத்தால், வங்கி அதை நிறுத்திவைக்க முடியும். எடுக்கப்பட்டுவிட்டால் மீட்பது அரிது. வெட்கத்தால் வீட்டாரிடம் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரருக்கே உதவுகிறது.

பணம் இழந்தவருக்கு மற்றோர் அழைப்பும் வரக்கூடும். "காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் பேசுகிறது, கட்டணம் செலுத்தினால் இழந்ததை மீட்டுத் தருவோம்" என்பார்கள். இதுவும் பொய். உண்மையான குறைதீர்ப்பாளர் அலுவலகம் பெங்களூருவில் ஜே.பி. நகரில் உள்ளது, அங்குப் புகார் அளிக்கக் கட்டணம் இல்லை.

மறுநாள் அதே குரல் மீண்டும் அழைத்தது. தாத்தா அமைதியாகச் சொன்னார்: "தங்கள் பெயரைச் சொல்லுங்கள். சேலம் கிளையை நானே அழைத்துத் தங்களைப் பற்றிக் கேட்கிறேன்."

மறுமுனை துண்டிக்கப்பட்டது. தாத்தா பத்திரத்தின் உறையில் கிளையின் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிவைத்தார்.

சொற்பொருள்

முகவர் – ஏஜென்ட்
தவணை – குறித்த காலத்தில் செலுத்தும் பணம்
முதிர்வு – பாலிசிக் காலம் நிறைவடைதல்
நியமனதாரர் – தொகையைப் பெறுவதற்குப் பெயர் குறிக்கப்பட்டவர்
ஐயுறுதல் – சந்தேகம் கொள்ளுதல்

பயிற்சி

1. அழைத்தவரைத் தாத்தா நம்பியதற்குக் காரணம் யாது? அது ஏன் சான்றாகாது?
2. காப்பீட்டுத் தொகை 3,00,000 ரூபாய். போனஸ் ஆயிரத்துக்கு 40 ரூபாய். ஓராண்டுப் போனஸைக் கணக்கிடுக.
3. அழைத்தவர் தந்த எண்ணில் அவரைச் சரிபார்க்கலாகாது. ஏன்?
4. உங்கள் வீட்டில் உள்ள பாலிசிப் பத்திரத்தைப் பெற்றோருடன் பாருங்கள். கிளையின் பெயர் எங்குள்ளது எனக் கண்டறிந்து, பாலிசி எண்ணைக் குறிப்பிடாமல் ஐந்து வரிகள் எழுதுக.