முன்னாள் மாணவர் பட்டியல்: விடுபட்டவரைக் கண்டறிதல்

முன்னாள் மாணவர் சந்திப்புக்குப் பதிவு செய்தவர்களை மட்டும் எண்ணினால், விடுபட்டவர் யாரெனத் தெரியாது. எனவே சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து தொடங்குவோம். பத்தாம் வகுப்புத் தேர்வுப் பட்டியலில், இடையில் நின்றவர்கள் இருக்கமாட்டார்கள்.

எடுத்துக்காட்டாக, ஓர் ஆண்டு அணியில் 48 பேர். பதிவு செய்தவர் 29, தொடர்பு இருந்தும் பதில் தராதவர் 8, தொடர்பு அற்றவர் 11. மூன்றின் கூட்டல் 48 ஆக வேண்டும். மிகுந்தால், திருமணத்துக்குப்பின் தலைப்பெழுத்து மாறிய ஒருவர் இருமுறை பதிவாகியிருக்கலாம். சேர்க்கை எண்ணைக் கொண்டு சரிபார்க்கலாம்.

அந்த 11 பேரின் தந்தை பெயரும் ஊரும் பதிவேட்டில் இருக்கும். அதே ஊரிலிருந்து படித்த வகுப்புத் தோழரிடம் பெயர்களைத் தந்து விசாரிக்கச் சொல்லலாம்.

பதிவுப் படிவத்தில் நன்கொடைக்குக் கட்டம் வேண்டாம். அதைக் கண்டால், கொடுக்க இயலாதவர் பதிவையே தவிர்ப்பார். விரும்பித் தருவதைத் தனி ஏட்டில் எழுதி ரசீது கொடுப்போம்.