ஊகத்தைக் கழித்தால் கிடைக்கும் அறிவு

சைதாப்பேட்டை மாணவர்களுக்கான வெள்ள விழிப்புணர்வுக் கணக்கெடுப்பில் நான் சேர்க்கும் வினா இது: செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் எந்த ஆற்றில் சேர்கிறது? விடைகள்: அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு, பாலாறு. அறியாதவர் ஊகிக்காமலிருக்க, 'தெரியாது' என்றும் ஒரு கட்டம் உண்டு.

ஆற்றின் பெயரைக் குறித்த 40 பேரில் 22 பேர் சரி, 18 பேர் தவறு என்று கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு குறிக்கும் நால்வரில் சராசரியாக மூவர் தவறுவர். ஒருவருக்குச் சரியாக அமைந்துவிடும். ஆகவே 18 தவறுகளுக்கு 6 தற்செயல் சரிகள். உண்மையில் அறிந்தோர் ஏறத்தாழ 16 பேரே.

தவறுகள் மூன்று ஆறுகளுக்கும் ஏறக்குறையச் சமமாகப் பிரிந்திருந்தால்தான் இக்கணக்குப் பொருந்தும். 14 பேர் கூவத்தையே குறித்திருந்தால் அது ஊகமன்று, தவறான புரிதல். அங்கே கழித்தல் உதவாது; வரைபடத்தை விரித்து அடையாற்றின் வழியைக் காட்ட வேண்டும்.