முதற் சொல்லிலேயே கேட்கச் செய்வது எப்படி?

பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பெற்றார் கூடிப் பேசும்போது அடிக்கடி ஒரு கேள்வி எழும்: “அடியாமல், கத்தாமல் பிள்ளையை எப்படித் திருத்துவது?” கண்டிப்பு வேண்டும் என்பதில் எமக்கும் ஐயமில்லை. ஆனால் கத்துவதும் அடிப்பதும் கண்டிப்பாக அமைகின்றனவா? இந்தப் பாடத்தில் அதை ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம்.

இடம்பெயர்ந்து வந்து உறவினரின் வளவில் கொட்டில் போட்டிருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாய், தகப்பன், அம்மம்மா, ஒன்பது வயது மகன். இரண்டு ஆடுகள் உண்டு. பொழுது சாயுமுன் அவற்றைக் கட்டுவது மகனின் வேலை. வளவுக்காரி மாமி வேலியோரம் மிளகாய்க் கன்று நட்டிருக்கிறார்.

ஒரு மாலை மகன் ஒழுங்கையில் கிட்டி அடித்துக்கொண்டிருந்தான். தாய் அடுப்படியில் இருந்தபடி “ஆட்டைக் கட்டடா” என்றார். “வாறனம்மா” என்றான்; வரவில்லை. ஐந்து தரம் கூப்பிட்ட பிறகு தாய் கத்தினார். அதற்குள் ஆடுகள் மிளகாய்க் கன்றுகளை மேய்ந்துவிட்டன. மாமியின் முகம் கறுத்தது. கூலி வேலையால் களைத்து வந்த தகப்பன் படலையிலேயே விடயத்தைக் கேட்டு, பூவரசங்கம்பை முறித்தார். அடுத்த நாளும் அவன் ஐந்தாவது கூப்பாட்டுக்குத்தான் அசைந்தான்.

அடி வாங்கியும் ஏன் திருந்தவில்லை? அவன் ஒன்றைச் சரியாகப் படித்திருக்கிறான். முதல் நான்கு தரமும் அம்மா சொல்வது வெறும் சொல். குரல் உச்சத்துக்குப் போனால்தான் எழும்ப வேண்டும். அதைப் படிப்பித்தவர்கள் நாங்களே. அடியும் ஆட்டைக் கட்டப் பழக்கவில்லை. அப்பா வரும் நேரம் ஒளிந்துகொள்ளத்தான் பழக்கியது. 2016 இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர், ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். அடிவாங்கும் பிள்ளைகளிடம் கீழ்ப்படிவு கூடியிருக்கவில்லை. எதிர்ப்பும் முரட்டுத்தனமுமே கூடியிருந்தன.

ஆகவே நாம் செய்யவேண்டியது முதற் சொல்லுக்குப் பெறுமதி கொடுப்பது. அதற்கு நான்கு படிகள் உண்டு.

முதலாவது, விதியைக் கோபமில்லாத நேரத்தில் சொல்லுங்கள். காலையில் தாயும் தகப்பனும் மகனை இருத்தி, “வெயில் அந்தப் பனையடிக்கு இறங்கினால் ஆடு கட்டவேணும்” என்று காட்டுகிறார்கள். அவனையே திருப்பிச் சொல்லவைக்கிறார்கள். அம்மம்மாவும் அருகில் இருக்கிறார். பெரியவர்கள் ஆளுக்கொரு விதி வைத்திருந்தால் எந்த விதியும் நிற்காது.

இரண்டாவது, கிட்டப் போய்ச் சொல்லுங்கள். அடுப்படியில் இருந்து கூவுவதில் பயனில்லை. “இன்னும் ரெண்டு ஆட்டம்தான்” என்று முன்னறிவித்தல் கொடுங்கள். பிறகு கையெட்டும் தூரத்தில் நின்று, முகத்தைப் பார்த்து, ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள்: “தம்பி, இப்ப ஆட்டைக் கட்டு.” “கட்டமாட்டியோ?” என்று கேள்வியாகக் கேட்கவேண்டாம். சொன்ன பின் மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பேசாமல் நில்லுங்கள். அவன் அசைந்தால், “சொன்ன உடன கட்டினாய், நல்லது” என்று செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிழைக்கு மட்டும் வாய் திறந்தால், பிள்ளைக்கு எது சரி என்று தெரியவராது.

மூன்றாவது, அசையாவிட்டால் ஒரே ஒரு எச்சரிக்கை. “இப்ப கட்டாவிட்டால் நாளைப் பின்னேரம் கிட்டி விளையாட்டு இல்லை.” குரல் உயரத் தேவையில்லை. தண்டனை சிறிதாக, குற்றத்தோடு தொடர்புள்ளதாக, உங்களால் நிறைவேற்றக்கூடியதாக இருக்கட்டும். சாப்பாட்டை மறிக்கவேண்டாம், பள்ளிக்கூடத்தை மறிக்கவேண்டாம். “உன்னை விட்டுட்டுப் போவன்” என்று ஒருபோதும் சொல்லவேண்டாம். ஊரையும் வீட்டையும் ஒருமுறை இழந்த பிள்ளை அதை நம்பிவிடும்.

நான்காவது, சொன்னதைச் செய்யுங்கள். மறுநாள் அவன் அழுதாலும் விளையாட்டு இல்லை. அதற்கு மறுநாள் கணக்கு முடிந்தது, பழையதைக் கிண்டவேண்டாம்.

மேய்ந்துபோன மிளகாய்க் கன்றுக்கு என்ன செய்வது? தகப்பன் மகனைக் கூட்டிக்கொண்டு மாமியிடம் போகிறார். இருவருமாக வேலியின் பொட்டை அடைக்கிறார்கள். மகன் மூன்று நாட்களுக்குப் புதுக்கன்றுகளுக்குத் தண்ணீர் வார்க்கிறான். கெடுத்ததைத் திருத்துவதும் தண்டனைதான். அதை ஊர் பார்க்கக் குட்டி, காதைத் திருகிச் செய்விக்கக்கூடாது. வெட்கப்பட்ட பிள்ளைக்கு மாமியின் கன்று நினைவில் நிற்காது. தன் அவமானமே நிற்கும்.

இந்த முறை முதல் வாரத்திலேயே பிழைப்பதுண்டு. முதல் நாள் மகன் எச்சரிக்கைக்குக் கட்டினான். இரண்டாம் நாள் மறுத்தான்; மூன்றாம் நாள் விளையாட்டு நின்றது. அன்று அவன் முன்னெப்போதும் இல்லாதவாறு கத்தி, கிட்டித் தடியை எறிந்தான். அம்மம்மா, “ரெண்டு போட்டால் சரியாகும், இதென்ன புதுப்பழக்கம்?” என்றார். இங்கேதான் பலரும் கைவிடுகிறார்கள். பழைய வழி பலிக்காதபோது பிள்ளை அதையே இன்னும் பலமாகச் செய்து பார்ப்பது இயல்பு. அன்று நாம் இளகினால், மூன்று மடங்கு கத்தினால் வெல்லலாம் என்று படிப்பித்தவர்களாவோம். தடியை எறிந்ததற்கு, அவன் அடங்கிய பின், தடியை எடுத்துவரச் செய்தால் போதும்.

பலன் உண்டா என்று அறிய ஒரு எளிய வழி: ஒரு வேலைக்கு எத்தனை தரம் சொன்னீர்கள் என்று கொட்டில் கப்பில் கரியால் கோடு போடுங்கள். முதல் வாரம் ஐந்து, நான்கு என்று இருந்த கோடுகள் மூன்றாம் வாரத்தில் ஒன்றோ இரண்டோ ஆனால் சரியான வழியில் போகிறீர்கள். குறையாவிட்டால் பிள்ளையைக் குறைசொல்லுமுன் உங்களைப் பாருங்கள்: கிட்டப் போனீர்களா? எச்சரித்ததை நிறைவேற்றினீர்களா?

தறப்பாள் மறைப்புக்கு அப்பால் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, பிள்ளை எதிர்த்துப் பேசும்போது கை தானாக ஓங்கும். அப்போது கையிலுள்ளதைக் கீழே வைத்து, “பிறகு பேசுவம்” என்று மட்டும் சொல்லி, கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுங்கள். வேலையால் வரும் தகப்பனிடம் படலையில் முறைப்பாடு வைக்கவேண்டாம். குளித்து, தேநீர் குடித்த பிறகு சொல்லலாம்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த முறை ஒத்துவராது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு நாளை என்பது விளங்காது. அவனைத் தூக்கி வேறிடத்தில் விட்டு, வேறொன்றைக் கையில் கொடுப்பதே வழி. இடம்பெயர்ந்த பின் படுக்கையில் சலம் விடுவது, இரவில் வீரிட்டு எழும்புவது, தாயின் சேலையை விடாமல் பிடிப்பது, பேசாமல் ஒதுங்குவது ஆகியவை கீழ்ப்படியாமை அல்ல. அவற்றுக்குத் தண்டனை கூடாது. அவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் அல்லது வைத்தியசாலையில் சொல்லுங்கள். ஒரு பிள்ளை வீட்டில் கடுமையாகத் தாக்கப்படுவதை அறிந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

கலந்துரையாட:

1. நேற்று உங்கள் பிள்ளை எத்தனையாவது சொல்லுக்கு எழும்பினான்? அதுவரை நீங்கள் எங்கே நின்று சொன்னீர்கள்?

2. கோபத்தில் நீங்கள் சொல்லி, நிறைவேற்ற முடியாமற் போன மிரட்டல் ஒன்றைக் கூறுங்கள். அதற்குப் பதிலாக என்ன சொல்லியிருக்கலாம்?

3. உங்கள் வீட்டில் ஒரு வேலையைத் தெரிந்தெடுங்கள். பெரியவர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரு விதியை ஒரு வசனத்தில் சொல்லிப் பாருங்கள்.