எட்டு நிமிடத்தில் எட்டுப் படம், பிறகு புள்ளி வாக்கு

இருபது லிட்டர் குடிநீர் கேனில் தண்ணீரின் எடை மட்டும் 20 கிலோ. வயதானவர்களுக்கு அதைக் கையாள ஒரு கருவி வேண்டும் என்று ஐந்து பேர் கூடிப் பேசினால், முதலில் வாய்திறந்தவரின் யோசனையைச் சுற்றியே பொழுது போய்விடும். அதனால் பேச்சை நிறுத்திவிட்டு வரையச் சொல்லுங்கள். ஜேக் நேப் கூகுள் வென்ச்சர்ஸில் வளர்த்தெடுத்து, 2016இல் வெளியான ‘ஸ்பிரிண்ட்’ நூலில் விளக்கிய முறைகளில் ஒன்று இது. பெயர் ‘கிரேஸி எய்ட்ஸ்’.

முதலில் கேள்வியை ஒரே வரியில் சுவரில் எழுதுங்கள்: “தனியாக வசிக்கும் எழுபது வயதுக்காரர் கேனைத் தூக்காமல் எப்படித் தண்ணீர் பிடிப்பார்?” ஆளுக்கு ஒரு ஏ4 தாள். மூன்று முறை மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். பென்சில் வேண்டாம், ரப்பரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். தடித்த மார்க்கர் கொடுத்தால் நுணுக்கமாக வரைய முடியாது, அதுதான் நமக்குத் தேவை.

கட்டத்துக்கு ஒரு நிமிடம். நிமிடம் முடிந்ததும் அறிவியுங்கள். பாதியில் நின்றாலும் அடுத்த கட்டத்துக்குப் போகவேண்டும். முதல் மூன்று கட்டங்களில் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையே வரைவார்கள். நான்காவதில் கை நின்றுவிடும். அப்போது முந்தைய படத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்: மேஜை மேல் இருந்ததைத் தரைக்கு இறக்கு, நிமிர்ந்திருந்ததைப் படுக்கவை. புதியவை பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன.

பிறகு ஒவ்வொருவரும் தம்முடையதில் இரண்டை வெட்டி, நான்கைந்து சொற்களில் தலைப்பிட்டு, பெயர் போடாமல் சுவரில் ஒட்டட்டும். பத்துப் படங்கள். ஒரே யோசனையின் வடிவங்களை ஒரே குவியலாக்கி எண் கொடுங்கள். இல்லாவிட்டால் வாக்கு சிதறி, குழுவின் உண்மையான விருப்பம் தெரியாமல் போகும்.

ஆளுக்கு மூன்று வட்ட ஸ்டிக்கர். ஒட்டுவதற்கு முன் தேர்ந்த எண்களைத் துண்டுத் தாளில் எழுதிவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் மேலாளர் ஒட்டிய இடத்திலேயே மற்ற புள்ளிகளும் சேரும்.

பதினைந்து புள்ளிகளில் மேஜை உயரச் சாய்வு ஸ்டாண்டுக்கு ஆறு, தரையிலேயே கேனைப் பிடித்துச் சாய்க்கும் வளைந்த சட்டத்துக்கு நான்கு, மீதி ஐந்தும் சிதறின என்று வைத்துக்கொள்வோம். உடனே ஸ்டாண்டைத் தேர்ந்துவிடாதீர்கள். ஒட்டியவர்கள் காரணம் சொல்லட்டும். பிறகு சுவரிலுள்ள கேள்வியை உரக்கப் படியுங்கள். கேனை ஸ்டாண்டில் ஏற்றிவைப்பது யார்? அந்த இடத்தில் ஆறு புள்ளியும் அடிபடுகிறது. புள்ளிகள் காட்டுவது குழுவின் ஈர்ப்பை மட்டுமே. முடிவைச் சொல்லவேண்டியவரை முன்கூட்டியே நியமித்திருந்தால், அவர் இப்போது சட்டத்தைத் தேர்ந்தெடுப்பார்.

அதற்கும் ஒரு சிக்கல் உண்டு. தரையில் சாயும் கேனின் வாய் தாழ்வாக இருக்கும். சொம்பு அதன் கீழ் நிற்கும், குடம் நிற்காது. மூங்கிலிலோ அட்டையிலோ முதல் மாதிரி செய்யும்போது அளந்து பார்க்கவேண்டியது அந்த உயரத்தைத்தான்.