விற்பனை விலையிலிருந்து சரக்கிருப்பின் அடக்கம் காண்பது எப்படி?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் மாவட்டத்து வியாபாரிகள் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடியிலும் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கங்களிலும் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்து மூட்டை மூட்டையாகச் சரக்கு ஊறிப் போயிற்று. இப்படி ஒரு நஷ்டம் வந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் கேட்பது, "முந்திய நாள் கடையில் இருந்த சரக்கு, அடக்க விலைப்படி எவ்வளவு?" என்பதுதான். எண்ணிக் காட்டச் சரக்கு இல்லை. நானூறு ஐந்நூறு வகைச் சாமான் வைத்திருக்கும் மளிகைக் கடையில் வகைவாரியாக இருப்புப் பேரேடும் இருக்காது.

இந்த இடத்தில் உதவுவது சில்லறை விலை முறை. பல வகைப் பொருள்கள், வேகமாக மாறும் சரக்கு, ஏறக்குறைய ஒரே லாப விகிதம் என்று உள்ள கடைகளுக்கு இதைக் கணக்கியல் தரம் 2 ஒப்புக்கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி விலை சொல்லும் முத்து வியாபாரத்துக்கு இது ஆகாது, மளிகைக்கு ஆகும்.

இதற்கு வேண்டியது ஒரு பழக்கம்தான். கொள்முதல் பில் வந்ததும் லாரி வாடகை, இறக்குக்கூலி சேர்த்த அடக்கத்தை ஒரு பத்தியிலும், அதே சரக்குக்கு நாம் வைக்கும் விற்பனை விலையை அடுத்த பத்தியிலும் எழுதி வரவேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 1 அன்று ஆரம்ப இருப்பு அடக்கம் ரூ.7,10,000, விற்பனை விலையில் ரூ.8,00,000. டிசம்பர் 17 வரை கொள்முதல் அடக்கம் ரூ.46,90,000, விற்பனை விலையில் ரூ.52,00,000. கூட்டினால் அடக்கம் 54 லட்சம், விற்பனை விலை 60 லட்சம். ஆக, விற்பனை விலையில் 100 ரூபாய்க்கு அடக்கம் 90 ரூபாய்.

இதே காலத்தில் ரொக்கமும் கடனுமாக விற்றது ரூ.50,50,000. பண்டிகைக்கு விலை குறைத்துக் கொடுத்தது ரூ.30,000. எலி, சிந்தல், எடைக்குறைவு ரூ.20,000, இது முந்திய வருடங்களில் இருப்பு எண்ணியபோது கண்ட அளவு. மூன்றையும் 60 லட்சத்தில் கழித்தால் மீதி ரூ.9,00,000. இது விற்பனை விலையில் உள்ள இருப்பு. இதில் 90 சதவீதம், அதாவது ரூ.8,10,000, அடக்க விலை.

தவறு நேரும் இடங்கள் சில உண்டு. முதலாவது சதவீதக் குழப்பம். 100 ரூபாய்ச் சரக்கை 110-க்கு விற்கிறோம் என்றால் லாபம் அடக்கத்தின் மேல் 10 சதவீதம். அதற்காக விற்பனை விலையில் 10 சதவீதம் கழித்தால் 99 ரூபாய்தான் வரும். ஒரு ரூபாய் காணாமல் போகும். 110-ஐ 1.10-ஆல் வகுப்பதுதான் சரி.

அடுத்தது வரி. எம்.ஆர்.பி.யில் ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது, வரவு எடுத்துக்கொண்ட கொள்முதல் அடக்கத்தில் அது இல்லை. இரண்டையும் கலந்தால் விகிதம் கெட்டுவிடும். அடக்கம், விற்பனை விலை, விற்ற தொகை மூன்றையும் வரி நீக்கியே எழுத வேண்டும். இந்த அடக்கத் தொகை வரிக்கணக்குக்கும் தேவைப்படும். அழிந்துபோன சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியை ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5)(h) பிரிவின்படி திருப்பிக் கட்ட வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, நடுவில் விலை ஏறுவது. கடையில் 100 கிலோ பருப்பு இருக்கும்போது கிலோவுக்கு 20 ரூபாய் ஏற்றினால், அந்த 2,000 ரூபாயை அன்றே விற்பனை விலைப் பத்தியில் கூட்டி எழுத வேண்டும். எழுதாவிட்டால் விற்ற தொகை மட்டும் பெருகும்; இருப்பு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். நஷ்டஈடு கேட்கும்போது அந்தக் குறை நம் தலையில்தான் விழும்.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும் சரக்கின் கலப்பு ஏமாற்றலாம். மேலே சொன்ன 60 லட்சத்தில் அரிசி, பருப்பு, எண்ணெய் 40 லட்சம், அதன் அடக்கம் 94 சதவீதம். முந்திரி, ஏலம், மசாலா வகை 20 லட்சம், அடக்கம் 82 சதவீதம் என்று வைப்போம். சராசரி அதே 90-தான். ஆனால் வெள்ளத்தன்று மீதியிருந்த 9 லட்சத்தில் 7 லட்சம் அரிசி வகை, 2 லட்சம் மசாலா வகை என்றால் கணக்கு வேறு. 7 லட்சத்துக்கு ரூ.6,58,000, 2 லட்சத்துக்கு ரூ.1,64,000, மொத்தம் ரூ.8,22,000. ஒரே விகிதம் போட்ட கடைக்காரர் ரூ.12,000 குறைத்துக் கேட்டிருப்பார். ஆகவே கொள்முதலையும் விற்பனையையும் குறைந்தது இரண்டு பிரிவாகவாவது எழுதுவது நல்லது. பில் போடும்போதே பிரித்தால் சிரமமில்லை. மாதக் கடைசியில் உட்கார்ந்து பிரிப்பது நடக்கிற காரியமல்ல.

எவ்வளவு கவனமாக எழுதினாலும் இது மதிப்பீடுதான். வருடம் ஒருமுறை, மார்ச் 31 அன்று சரக்கை எண்ணி, விற்பனை விலையிலேயே கூட்டிப் பார்க்க வேண்டும். கணக்கு 9 லட்சம் சொல்ல, எண்ணியது ரூ.8,85,000 வந்தால், ரூ.15,000 எங்கே போயிற்று என்று தேட வேண்டும். பில் போடாமல் கொடுத்த கடனா, வீட்டுக்கு எடுத்துப்போனதா, விலைக்குறைப்பை எழுத விட்டதா என்று முதலில் பாருங்கள். இவை எதுவும் இல்லையென்றால் அடுத்த வருடம் சிந்தலுக்கு வைக்கும் தொகையை உயர்த்திக்கொள்ளலாம். எண்ணிய பட்டியலின் ஒரு நகல் ஆடிட்டரிடம் இருக்கட்டும். கடையில் உள்ள நகல் சரக்கோடு சேர்ந்து நனைந்துவிடும்.