டிகிரிக்கும் பதிவெண்ணுக்கும் நடுவே

வெளிநாட்டில் மருத்துவம் முடித்து வருகிற பிள்ளைக்கு எவ்வளவு நாளில் இங்கே டாக்டராகப் பதிவு கிடைக்கும் என்று கேட்டால், பெரும்பாலான பெற்றோர் ஒரே ஒரு தேர்வைத்தான் கணக்கில் வைத்திருப்பார்கள். ‘எப்.எம்.ஜி.இ. பாஸ் பண்ணிட்டா முடிஞ்சுது’ என்பார்கள். நான் ரஷ்யாவில் படித்து, அதே தேர்வை எழுதி, இங்கே ஹவுஸ் சர்ஜனாக ஓர் ஆண்டு ஓடி, அதன் பிறகுதான் நிரந்தரப் பதிவு வாங்கினேன். இப்போது ஜூனியர்கள் போன் செய்தால் தேர்வைப் பற்றி நான் பேசுவது பாதி நேரம்தான். மீதி நேரம் காலண்டரைப் பற்றியும் காகிதங்களைப் பற்றியும்.

ஒரு ஜூனியரின் கணக்கைச் சொல்கிறேன். அவர் 2024 ஜூனில் பட்டம் வாங்கினார். தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் அமர்வு, டிசம்பர் அமர்வு என்று நடக்கும். பட்டம் கையில் இருக்க வேண்டிய கடைசித் தேதி என்று ஒன்று உண்டு. அது தேர்வு நாளுக்குச் சில வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடும். ஆகவே ஜூனில் முடித்தவருக்கு ஜூன் அமர்வு கிடையாது. டிசம்பர் அமர்வுதான், அதுவும் பெயருக்குத்தான் டிசம்பர். உண்மையில் நடந்தது 2025 ஜனவரி 12-ஆம் தேதி. பட்டத்துக்கும் முதல் முயற்சிக்கும் நடுவே ஏழு மாதம். நன்றாகப் படிப்பவருக்கும் இந்த ஏழு மாதத்திலிருந்து விலக்கு இல்லை.

அவர் முதல் முறையே தேறினார். ஆனால் அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. 2024 ஜூன் அமர்வில் எழுதியவர்களில் சுமார் 21 சதவீதம் பேர் தேறினார்கள், டிசம்பர் அமர்வில் 30 சதவீதத்தை நெருங்கியது, 2025 ஜூன் அமர்வில் மறுபடி 19-க்குக் கீழே வந்தது. தவறினால் அடுத்த அமர்வு வரை காத்திருக்க வேண்டும், அதாவது ஒவ்வொரு தவறுக்கும் ஏறக்குறைய ஆறேழு மாதம். முயற்சிக்கு உச்சவரம்பு இல்லை என்பது ஆறுதல் மாதிரித் தெரியும். 149 மதிப்பெண் வாங்கியவர் 60 வாங்கியவரோடு சேர்ந்து முதலிலிருந்து உட்கார வேண்டும் என்பதையும் அதோடு நினைத்துக்கொள்ள வேண்டும்.

தேர்வில் 300 கேள்விகள். 150 சரியாக இருந்தால் தேர்ச்சி, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. கோச்சிங் சென்டர்கள் இதை ஒரு மலையாகக் காட்டுவார்கள். நான் ஜூனியர்களிடம் காகிதத்தை எடுத்து ஒரு சின்னக் கூட்டலைப் போடச் சொல்வேன். பொது மருத்துவம் 33, அறுவை 32, மகப்பேறு 30, சமுதாய மருத்துவம் 30. குழந்தை நலம், கண், காது-மூக்கு-தொண்டை மூன்றுக்கும் ஆளுக்குப் 15. மொத்தம் 170. இந்த ஏழு பாடங்களில் 60 சதவீதம் எடுத்தால் 102 வந்துவிடுகிறது. இன்னும் வேண்டியது 48. அதை எஞ்சிய 130 கேள்விகளிலிருந்து எடுத்தால் போதும். நான்கு விடைகளில் கண்ணை மூடித் தொட்டாலே சராசரியாக அதில் 32 சரியாகும், ஆகவே அந்தப் பக்கம் கொஞ்சம் படித்தாலே இடைவெளி நிரம்பிவிடும். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஒவ்வொன்றுக்கும் 17 கேள்விகள் உண்டு. முதலாண்டில் படித்ததை அப்படியே நினைவுக்குக் கொண்டுவர முடியாதவர்கள் அதற்காகவே மூன்று மாதத்தைச் செலவழித்து மகப்பேறைத் தொடாமல் விடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

இதில் சமுதாய மருத்துவம் தனிக்கதை. மகப்பேறுக்கு எவ்வளவோ அவ்வளவு மதிப்பெண் அதற்கும். ஆனால் ரஷ்யாவிலோ ஜார்ஜியாவிலோ கிர்கிஸ்தானிலோ யாரும் உங்களுக்கு நம் தடுப்பூசி அட்டவணையையும், காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் மருந்து முறையையும், ஆரம்ப சுகாதார நிலையம் எத்தனை மக்கள்தொகைக்கு ஒன்று என்பதையும் சொல்லித் தரப்போவதில்லை. தடய மருத்துவமும் அப்படித்தான்: 10 கேள்விகள், அதில் இந்தியச் சட்டப் பிரிவுகள் உண்டு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால் பழைய நோட்ஸை நம்பவும் முடியாது. இந்த இரண்டையும் அங்கே இருக்கும்போதே, நான்காம் ஆண்டு விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள். ஊருக்கு வந்த பிறகு எல்லாமே புதிதாக இருக்கும்.

இனிக் காகிதங்கள். தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதே பட்டச் சான்றிதழுக்கு அந்த நாட்டில் அப்போஸ்டில் முத்திரையோ, அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பமோ வேண்டும். ஊருக்கு வந்துவிட்டு ஏஜெண்ட் மூலம் அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் ஒரு அமர்வே கைவிட்டுப் போகும். அதைவிடப் பெரிய தொல்லை நம்மூர்க்காரர்களுக்கே உரியது: இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ‘எஸ். கார்த்திக்’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகச் சேர்ந்திருக்கும். அங்கே அதை அவர்கள் எழுத்தில் எழுதி, மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றும்போது ஓர் எழுத்து விழுந்திருக்கும். நீட் மதிப்பெண் அட்டையில் இன்னொரு வடிவம். இவை எல்லாவற்றையும் ஒரே மேஜையில் பரப்பிப் பார்க்கிற எழுத்தருக்கு இவர் நான்கு ஆட்கள். பட்டம் அச்சாவதற்கு முன்பே டீன் அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைக் கொடுத்து, அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். அச்சான பிறகு திருத்துவது அங்கே மாதக்கணக்கு வேலை.

பாஸ்போர்ட்டில் குடிநுழைவு முத்திரை விழுந்த எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து வையுங்கள். கோவிட் காலத்தில் ஆன்லைனில் படித்தவர்களிடமும், உக்ரைன் போரால் பாதியில் திரும்பியவர்களிடமும் எந்தெந்த மாதம் வகுப்பறையில் இருந்தீர்கள் என்று இன்றும் கேட்கிறார்கள். இறுதியாண்டு ஆன்லைனில் போனவர்களில் பலருக்கு ஓராண்டுக்குப் பதில் இரண்டாண்டுப் பயிற்சி என்று ஆகியிருக்கிறது. ‘நேரடி வகுப்பு வைத்து ஈடுசெய்துவிட்டோம்’ என்று பல்கலைக்கழகம் தரும் ஒற்றைத் தாள் கடிதம் போதும் என்று நினைக்காதீர்கள். தேதிகளோடு வருகைப் பதிவும் மதிப்பெண் பட்டியலும் வாங்கி வையுங்கள்.

தேர்ச்சி பெற்ற அந்த ஜூனியருக்கு ஜனவரியிலேயே ரிசல்ட் வந்தது. தேர்ச்சிச் சான்றிதழ் அன்றே கைக்கு வராது. அசல் ஆவணங்களைச் சரிபார்த்த பிறகுதான் தருவார்கள். அதை எடுத்துக்கொண்டு மாநில மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கே பட்டம் உண்மையானதுதானா என்று வெளிநாட்டுக்கு எழுதிக் கேட்பார்கள். தேர்வில் தேறாமலே பதிவு வாங்கிய 73 பேர் மீதும் 14 மாநில கவுன்சில்கள் மீதும் 2022-இல் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. அதற்குப் பிறகு இந்தச் சரிபார்ப்பை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்குத் தெரிந்தவர்களுக்கு இது இரண்டு மாதத்திலும் முடிந்திருக்கிறது, அரை ஆண்டும் இழுத்திருக்கிறது. வித்தியாசம் பெரும்பாலும் அந்தப் பல்கலைக்கழகம் பதில் போடுகிற வேகத்தில்தான். அங்கே படிக்கிற ஜூனியர் ஒருவரை டீன் அலுவலகத்துக்கு நேரில் அனுப்பி, கடிதம் வந்ததா என்று கேட்கச் சொல்வது இங்கே கவுன்சில் வாசலில் நிற்பதைவிடப் பலன் தரும்.

அதன் பிறகு இடம். பயிற்சி மருத்துவர் இடங்களில் வெளிநாட்டில் படித்தவர்களுக்குக் கல்லூரி இடங்களில் 7.5 சதவீதம் வரை என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். ஓர் அமர்வில் அதிகம் பேர் தேறினால் அந்த அளவுக்கு வரிசை நீளும். நம் ஜூனியர் ஜூலையில்தான் சேர்ந்தார். பட்டம் வாங்கி ஓராண்டுக்கு மேல். ஓராண்டுப் பயிற்சி, அதற்கு மேல் நிரந்தரப் பதிவுக்கான வேலைகள். முதல் முயற்சியிலேயே தேறி, காகிதம் எதுவும் சிக்காமல் போனவருக்கே இரண்டு ஆண்டைத் தாண்டுகிறது. ஒரு முறை தவறியவருக்கு மூன்று என்று வைத்துக்கொண்டு வீட்டுக் கடன் தவணையைத் திட்டமிடுங்கள். பயிற்சிக் காலத்தில் ஸ்டைபெண்டு வரும் என்று அதில் சேர்க்காதீர்கள். இங்கே படித்தவருக்கு நிகராகத் தர வேண்டும் என்பது விதி. கைக்கு எப்போது வருகிறது என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறு.

பயிற்சியில் முதல் வாரம் கூச்சமாக இருக்கும், அதை ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. அங்கே பத்துப் பேருக்குப் பின்னால் நின்று, பாதி புரிந்த மொழியில் நோயாளியைப் பார்த்தவர்கள் நாம். இங்கே இரவு இரண்டு மணிக்கு வார்டில் நரம்பு கிடைக்காத பாட்டிக்கு வென்ஃப்ளான் போட வேண்டும், மூக்குவழிக் குழாய் இறக்க வேண்டும். கூட இருக்கிற உள்ளூர் ஹவுஸ் சர்ஜன்களிடம் ‘எனக்கு இது வராது, ஒரு தடவை காட்டுங்க’ என்றால் காட்டுவார்கள். தெரிந்த மாதிரி நடிப்பவரைத்தான் ஒதுக்குவார்கள். அனுபவமுள்ள நர்ஸ் அக்காக்களிடம் கற்றுக்கொண்டது எனக்கு எந்தப் பாடப் புத்தகத்தையும்விட உதவியது. சமுதாய மருத்துவத்துக்கு 12 வாரம் போடுவார்கள், அதை ஓய்வு என்று எண்ணி பி.ஜி. புத்தகத்தோடு போகிறவர்கள் உண்டு. லாக் புக்கில் கையெழுத்து விடுபட்டால் அந்த வாரங்களையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். விடுப்பு ஆண்டுக்கு 15 நாள்தான், தாண்டினால் பயிற்சி நீளும். 2025-இல் நீட் பி.ஜி. எழுத பயிற்சி ஜூலை 31-க்குள் முடிந்திருக்க வேண்டும் என்றார்கள். அப்படிப்பட்ட ஒரு தேதிக்குப் பத்து நாள் பிந்தினால் கழிவது முழு ஓராண்டு.

2021 நவம்பர் 18-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு விதி இன்னும் இறுக்கம். படிப்பு குறைந்தது 54 மாதம், அதே கல்லூரி வழியாக அங்கேயே 12 மாதப் பயிற்சி, பிறகு இங்கே இன்னொரு 12 மாதம். பட்டம் அந்த நாட்டிலேயே அவர்கள் குடிமக்களுக்கு நிகராகப் பதிவு பெறத் தகுதி தர வேண்டும். நான்கு ஆண்டு மருத்துவப் படிப்புக்கு முன் சேர்க்கிற பட்டப்படிப்பை 54 மாதத்தில் எண்ண மாட்டார்கள். பிலிப்பைன்ஸ் போன பல தமிழகக் குடும்பங்கள் இதில்தான் சிக்கின. ஏஜெண்ட் இதை ‘பார்த்துக்கலாம் சார்’ என்று சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

காத்திருக்கும் மாதங்களில் ஒரு போன் வரும். தனியார் நர்சிங் ஹோம், ராத்திரி டூட்டி, மாதம் இவ்வளவு, ‘பதிவு வந்ததும் ரெகுலர் பண்ணிடலாம்’ என்பார்கள். பதிவில்லாமல் மருத்துவம் பார்த்தால் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ராத்திரி ஏதாவது ஆனால் நர்சிங் ஹோம் உங்கள் பெயரைத்தான் முதலில் கொடுக்கும். சம்பளம் தேவைப்பட்டால் சென்னை, கோவையில் மெடிக்கல் கோடிங் வேலை இருக்கிறது, பகல் ஷிஃப்ட் கேட்டு வாங்கினால் மாலையில் படிக்கலாம்.